முகம் தெரியாத குழுவுக்கு எழுதும் முதல் வரி

ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவுக்கோ, பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர் சேர்க்கைக் குழுவுக்கோ உள்ள பொது முகவரிக்கு மின்னஞ்சல் எழுதும்போது, அதை யார் திறப்பார் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவர் திறக்கலாம்; பிரிவின் தலைவரே திறக்கலாம். ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: அவர்கள் என்ன வேலைக்காக அங்கே இருக்கிறார்கள் என்பது. பொருத்தமான விளிப்பு அந்தத் தெரிந்த செய்தியிலிருந்து பிறக்கிறது. தெரியாதவற்றை ஊகித்து எழுதும் விளிப்புகள்தான் பெரும்பாலும் சங்கடத்தில் முடிகின்றன.

பழைய ஆங்கில வணிகக் கடிதங்கள் இந்தச் சிக்கலை ஓர் ஊகத்தால் கடந்தன. அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று வைத்துக்கொண்டு ‘டியர் சர்ஸ்’ என்று தொடங்கினார்கள். வழக்கறிஞர் அலுவலகங்களில் இது நெடுங்காலம் நீடித்தது. உலகின் பெரிய சட்ட நிறுவனங்களில் ஒன்றான ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ் 2016-இல்தான் இதைக் கைவிட்டது. அதற்கு மாற்றாக வந்த ‘டியர் சர் ஆர் மேடம்’ பிழையானதல்ல. ஆனால் அது ஒருமை. ஐந்து பேர் படிக்கும் கடிதத்தில் அது யாரோ ஒருவரை மட்டும் தேடுவது போல இருக்கும். நடுவில் சாய்கோடு போட்டு ‘சர்/மேடம்’ என்று எழுதினால், நிரப்பாமல் விட்ட விண்ணப்பப் படிவத்தின் சாயல் வந்துவிடுகிறது. ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்பது சான்றிதழ்களுக்கு உரிய தொடர். யார் கையில் கொடுத்தாலும் செல்ல வேண்டிய தாளுக்கு அது பொருந்தும். பதில் எதிர்பார்க்கும் மடலுக்குப் பொருந்தாது.

ஜப்பானிய மொழியில் இந்தச் சிக்கலுக்குத் தனிச் சொற்களே இருக்கின்றன. தனி ஒருவரின் பெயருக்குப் பின்னால் ‘சாமா’ சேர்ப்பார்கள். நிறுவனத்துக்கோ அதன் துறைக்கோ எழுதினால் துறையின் பெயருக்குப் பின்னால் ‘ஒன்ச்சூ’ வரும். பலருக்குப் பொதுவாக எழுதினால் ‘ககுயி’ என்று முடிப்பார்கள். ‘ககுயி’ என்ற சொல்லிலேயே மரியாதை அடங்கியிருப்பதால் அதனோடு ‘சாமா’வையும் சேர்ப்பது மிகையாகக் கருதப்படும். இவை எவையும் பாலைச் சொல்வதில்லை, பதவியையும் சொல்வதில்லை. ஆளைத் தெரியாவிட்டாலும் துறையை மதிப்போடு அழைக்க முடிகிறது.

தமிழிலும் அதற்கு வழி இருக்கிறது. ‘அன்புடையீர்’, ‘மதிப்பிற்குரியீர்’ என்னும் விளிகள் இருபாலருக்கும் பொருந்தும். ஒருவருக்கும் பலருக்கும் பொருந்தும். ஆனால் விண்ணப்பம் எழுதும் பழக்கம் இதை மறக்கடித்துவிடுகிறது. ‘பெறுநர்’ என்பதன் கீழே ‘மாவட்ட ஆட்சியர்’ என்று பதவியைச் சரியாக எழுதியவர், அடுத்த வரியிலேயே ‘ஐயா’ என்று எழுதிவிடுகிறார். அந்த நாற்காலியில் ஒரு பெண் இருக்கலாம் என்பது கைப்பழக்கத்தில் மறைந்துபோகிறது. பல பெண்கள் ஆட்சியர்களாக இருக்கும் மாநிலத்தில் இது சின்னத் தவறு என்று ஒதுக்கத் தக்கதல்ல. ‘ஐயா/அம்மையீர்’ என்ற இரட்டை விளி அதைவிட மேலானது. ‘மதிப்பிற்குரியீர்’ அதையும்விட எளியது.

தமிழ் மடலில் விளியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் வரியில் ‘மதிப்பிற்குரியீர்’ என்று தொடங்கிவிட்டு, இரண்டாம் பத்தியில் ‘நீங்க அனுப்பின பட்டியல்’ என்று இறங்கினால் தொடக்கம் வெறும் சடங்காகத் தெரியும். ‘தங்கள் அலுவலகம்’, ‘தாங்கள் அனுப்பிய பட்டியல்’ என்று மடல் முழுதும் ஒரே நிலையில் செல்ல வேண்டும். ‘தாங்கள்’ கனமாகத் தோன்றினால் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கி, ‘நீங்கள்’ என்றே எழுதலாம். அதுவும் மரியாதைதான். ‘நண்பர்களே’ மட்டும் அறிமுகம் இல்லாதவர்களிடம் ஒத்துவராது. இல்லாத நெருக்கத்தை அது எடுத்துக்கொள்கிறது.

பால் தெரியாததைவிடப் பதவி தெரியாததுதான் நம் அலுவலகங்களில் அதிகம் தடுமாற வைக்கிறது. பெரியவர் யாராவது இருந்துவிடுவாரோ என்ற அச்சத்தில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று எழுதுகிறார்கள். இந்திய அலுவலகங்களில் அது பழகிய சொல். வெளிநாட்டு வாசகர்களுக்கு விநோதமாகப்படும். எதிர்ப்பக்கத்தில் ‘டியர் ஆல்’ இருக்கிறது. ஒரே அலுவலகத்துக்குள் அது இயல்பானது. வெளியிலிருந்து வரும்போது, முன்பின் தெரியாத ஒருவர் சுற்றறிக்கை விடுவது போலத் தொனிக்கும். இடைப்பட்ட பாதுகாப்பான வழி, பிரிவின் பெயரைச் சொல்லி அழைப்பது. அந்தப் பெயருக்குள் தலைவரும் அடக்கம், புதியவரும் அடக்கம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தை எடுத்துக்கொள்ளலாம். 180 ஜி.எஸ்.எம். கேட்டிருந்த துணி 168-ஆக வந்துவிட்டது. மெர்ச்சன்டைசர் இதை ஜெர்மனியிலுள்ள வாங்குபவரின் தரப் பிரிவுக்குத் தெரிவித்து, வெட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்க வேண்டும். ‘டு’ பகுதியில் பிரிவின் பொது முகவரி இருக்கிறது; ‘சிசி’யில் நான்கு பேர். அவற்றில் ஒன்று ஆண்ட்ரியா, ஒன்று கிம். மற்ற இரண்டிலும் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும். ஆண்ட்ரியா ஜெர்மனியில் பெரும்பாலும் பெண்ணின் பெயர், இத்தாலியில் ஆணின் பெயர். கிம் இருபாலருக்கும் உண்டு. கொரியரானால் அது குடும்பப் பெயராகவும் இருக்கலாம். எனவே ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ இரண்டையும் எழுத வழியில்லை. தெரிந்த இரண்டு பெயர்களை மட்டும் எழுதினால் மற்ற இருவரும் ஒதுக்கப்படுவார்கள்; அவர்களில் ஒருவர் முடிவெடுக்கும் தலைவராகவே இருந்துவிடலாம். நான்கு பெயரையும் எழுதினால் யாரை முதலில் வைப்பது என்ற கேள்வி வரும். பொது முகவரியைப் படிக்கும் மற்றவர்கள் அப்போதும் விடுபடுவார்கள்.

இங்கே ‘டியர் குவாலிட்டி டீம்’ என்பதே போதும். பிரிவின் பெயரை அவர்கள் தங்கள் மடலிலோ ஆர்டர் தாளிலோ எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. ‘குவாலிட்டி அஷ்யூரன்ஸ்’ என்று இருந்தால் அப்படியே. ‘குட் மார்னிங்’ வேண்டாம். கோடையில் ஜெர்மனி இந்தியாவுக்கு மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அடுத்த வரியில் எழுதுபவர் தம் பெயர், நிறுவனம், ஆர்டர் எண் மூன்றையும் சொல்லிவிட்டால், படிப்பவர்களில் இது யாருடைய வேலையோ அவர் உடனே எடுத்துக்கொள்வார். முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ தேவையில்லை. அது பிரிட்டிஷ் மரபில் ‘டியர் சர்’ என்ற பெயரில்லா விளிக்கு இணையாக வந்தது. குழு விளிக்கு ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ ஒத்துப்போகும்.

பதில் வந்ததும் நிலைமை மாறுகிறது. எழுதியவர் கீழே எப்படிக் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதே அடுத்த விளிக்கு வழிகாட்டி. முதற்பெயரை மட்டும் எழுதியிருந்தால் முதற்பெயரால் அழைக்கலாம். முழுப் பெயரும் பதவியும் இருந்து, பால் இன்னும் தெரியாவிட்டால், ‘டியர்’ என்பதை அடுத்து முழுப் பெயரையும் எழுதுவது மரியாதைக் குறைவாகாது. நகலில் மற்றவர்கள் இன்னும் இருந்தால், அந்தப் பெயரோடு ‘அண்ட் டீம்’ என்று சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் தங்களுக்கு வந்ததல்ல என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்கே இரண்டு மூன்று மடல்கள் போய்வரத் தொடங்கினால் விளிப்பையே விட்டுவிட்டு நேராகச் செய்திக்குப் போகலாம். ஆனால் ஐந்தாறு நாள் இடைவெளிக்குப் பிறகோ, குழுவில் புதியவர் சேர்ந்த பிறகோ எழுதும் மடலில் ‘டியர் குவாலிட்டி டீம்’ மறுபடியும் வர வேண்டும்.