காய்ச்சல் சீட்டைப் படிப்பது எப்படி?



மழைக்காலம் வந்துவிட்டால் ஹாஸ்டலில் ரூமுக்கு ஒருவன் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுப் பார்ப்பான். மூன்றாம் நாள் நாம்தான் அவனைப் பக்கத்து லேபுக்குக் கூட்டிப் போவோம். கையில் ஒரு சீட்டு வரும். உடனே வராண்டா முழுக்கச் செய்தி பரவும். "பிளேட்லெட் குறைஞ்சு போச்சாம், டெங்குதான்" என்பான் ஒருவன். "இல்லடா, வைடால் பாசிட்டிவ், டைபாய்டு" என்பான் இன்னொருவன்.

அந்தச் சீட்டில் இருக்கிற எண்களைப் பார்த்து நாம் வைத்தியம் செய்யக் கூடாது. அது டாக்டர் வேலை. ஆனால் அந்த எண்கள் என்ன சொல்கின்றன, எப்போது ஏமாற்றுகின்றன என்று தெரிந்துவைத்திருந்தால், நண்பனை எந்த நாளில் தனியாக விடக் கூடாது என்பதாவது நமக்குத் தெரியும்.

சீட்டில் பார்க்க வேண்டியவை மூன்று

முதலாவது வெள்ளணுக்களின் எண்ணிக்கை. நன்றாக இருக்கும் ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். அதில் நியூட்ரோபில், லிம்போசைட், ஈசினோபில் என்று வகை பிரித்துச் சதவீதம் போட்டிருப்பார்கள். சாதாரணமாக நியூட்ரோபில்தான் அதிகம். பாக்டீரியா நுழைந்தால் முதலில் ஓடிவரும் பட்டாளம் அதுதான்.

இரண்டாவது தட்டணுக்கள், அதாவது நாம் சொல்லும் பிளேட்லெட். ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ரத்தக்குழாயில் ஓட்டை விழுந்தால் அடைப்பது இவற்றின் வேலை.

மூன்றாவது பி.சி.வி. இதை யாரும் பார்ப்பதே இல்லை! ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே பி.சி.வி. ஆண்களுக்குச் சுமார் 40 முதல் 50, பெண்களுக்குச் சற்றுக் குறைவு. ரத்தத்தின் நீர் குறைந்தால் இந்த எண் ஏறும். சாம்பார் சுண்டினால் கெட்டியாவது போலத்தான்.

டெங்கு: முதலில் வெள்ளணு, பிறகு தட்டணு

டெங்கு வைரஸ் உடலில் பெருகும்போது எலும்பு மஜ்ஜையின் உற்பத்தி சில நாட்களுக்கு மந்தமாகிறது. நியூட்ரோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகத் தங்குவதில்லை. தட்டணுவோ 7 முதல் 10 நாள் வரை இருக்கும். ஆகவே தொழிற்சாலை மந்தமானதும் முதலில் காலியாவது வெள்ளணு ஸ்டாக். காய்ச்சலின் 2, 3-ஆம் நாளிலேயே அது 4,000-க்குக் கீழே இறங்கத் தொடங்கும். அதற்குப் பிறகுதான் தட்டணு இறங்கும். மஜ்ஜை மந்தமானது மட்டும் அதற்குக் காரணமில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே தட்டணுக்களையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

கணக்குப் புரிவதற்காக 19 வயது மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் 103 டிகிரி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு முறித்துப்போட்டது போல வலி.

2-ஆம் நாள்: வெள்ளணு 4,600. தட்டணு 1,90,000. பி.சி.வி. 42.
4-ஆம் நாள்: வெள்ளணு 2,300. தட்டணு 1,05,000. பி.சி.வி. 44.
5-ஆம் நாள்: வெள்ளணு 2,600. தட்டணு 48,000. பி.சி.வி. 51.
7-ஆம் நாள்: வெள்ளணு 3,900. தட்டணு 62,000. பி.சி.வி. 41.

2-ஆம் நாள் சீட்டைத் தனியாகப் பார்த்தால் "எல்லாம் நார்மல்" என்றுதான் தோன்றும். நான்கையும் வரிசையாக வைத்து கிராப் போட்டுப் பாருங்கள், கதை விளங்கிவிடும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து நாம் எந்த மோட்டாரையாவது பழுது என்று எழுதுவோமா? இங்கேயும் அப்படித்தான்.

காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்து நாள்

நம் மாணவனுக்கு 5-ஆம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று சொல்லத் தோன்றும். ஆனால் சீட்டைப் பாருங்கள். பி.சி.வி. 42-லிருந்து 51-க்கு ஏறியிருக்கிறது. அதாவது 20 சதவீதத்துக்கு மேல். ரத்தக்குழாய்களின் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர் வயிற்றுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் போய்விட்டது என்று அர்த்தம். டெங்குவில் பலரைச் சாய்ப்பது இந்தக் கசிவுதான். தட்டணு குறைவதைவிடப் பல சமயம் இதுவே பெரிய அபாயம்.

இந்தக் கட்டம் பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் நடுவே, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. ஒன்று அல்லது இரண்டு நாள்தான் நீடிக்கும். விடாத வயிற்று வலி, அடிக்கடி வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிட்டுப்போதல், தலைசுற்றல், சிறுநீர் குறைதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே பி.சி.வி.யைப் பார்த்துப் பார்த்து சலைன் அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். கசிந்த நீர் தானே திரும்பிவரும் கட்டத்தில் சலைன் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால்தான் அந்தக் கவனம்.

"பிளேட்லெட் 48,000 ஆச்சே, ஏத்த வேண்டாமா?" என்று கேட்பீர்கள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் பொதுவாகத் தட்டணு ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். மஜ்ஜை விழித்துக்கொண்டதும் எண்ணிக்கை தானே ஏறும். முதலில் வெள்ளணு ஏறும், ஓரிரு நாள் கழித்துத் தட்டணு ஏறும். இறங்கிய வரிசையிலேயே ஏற்றமும்!

டைபாய்டு: எகிறாத வெள்ளணு

டைபாய்டு பாக்டீரியாவால் வருவது. அப்படியானால் நியூட்ரோபில் பட்டாளம் திரண்டு, வெள்ளணு 15,000, 20,000 என்று போக வேண்டுமே? நிமோனியாவிலும் சிறுநீரகத் தொற்றிலும் அப்படித்தான் போகிறது. டைபாய்டில் பெரியவர்களுக்கு அப்படிப் போவதில்லை. 5,000 என்று சாதுவாக நிற்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் குறையும்.

காரணம், டைபாய்டு கிருமி கள்ளன். மேலே ஒரு உறையைப் போர்த்திக்கொண்டு எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் நுழைகிறது. தன்னைத் தின்ன வரும் செல்லுக்குள்ளேயே குடியிருந்து கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று பரவுகிறது. ரத்தத்தில் சுற்றும் கிருமிகள் மிகச் சொற்பம்; ஒரு மில்லிக்கு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

சீட்டில் இன்னொரு குறிப்பும் கிடைக்கும். ஈசினோபில் சதவீதம் பெரும்பாலும் 0 என்று இருக்கும். வேறு கடுமையான தொற்றுகளிலும் இது குறையும் என்பதால், 0 இருந்தாலே டைபாய்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஈசினோபில் தாராளமாக இருந்தால் டைபாய்டாக இருக்கும் வாய்ப்பு குறைவு. தட்டணு சரியாக இருக்கும், அல்லது லேசாகக் குறையும். டெங்கு போல இரண்டே நாளில் பாதாளத்துக்குப் போவது அபூர்வம். காய்ச்சலும் டெங்கு போல ஒரே நாளில் 103-க்குத் தாவாமல், படிப்படியாக ஏறி இரண்டாம் வாரத்திலும் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. 2 வாரம் தாண்டிய டைபாய்டில், சாதுவாக இருந்த வெள்ளணு திடீரென்று எகிறி, வயிறும் வலித்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். இது உடனே ஆபரேஷன் வரை போகும் விஷயம்.

வைடால் செய்யும் குழப்பம்

டைபாய்டை உறுதிசெய்வது பிளட் கல்ச்சர். முதல் வாரத்தில், மாத்திரை தொடங்கும் முன் எடுக்க வேண்டும். கிருமி சொற்பம் என்பதால் பெரியவர்களுக்கு 8, 10 மில்லி ரத்தம் வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டுப் போனால் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம்.

நம் ஊரில் அதிகம் செய்வது 1896-ல் வந்த வைடால் சோதனை. இது கிருமியைக் காட்டுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் செய்த பொருளைக் காட்டுகிறது. முதல் வாரத்தில் வராமலும் போகும். பழைய தொற்றாலோ, வேறு காய்ச்சலாலோ பொய்யாகவும் பாசிட்டிவ் வரும்.

இதில்தான் உயிருக்கு உலை வைக்கும் விபரீதம் இருக்கிறது. டெங்கு வந்தவனுக்கு 3-ஆம் நாள் வைடால் பாசிட்டிவ் என்று வருகிறது. ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள். 5-ஆம் நாள் காய்ச்சல் விடுகிறது. "மருந்து கேட்டுடுச்சு" என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறான். அந்த நாள்தான் ரத்தக்குழாய் கசியும் நாள்! உண்மையான டைபாய்டில் சரியான மருந்து தொடங்கிய பிறகும் காய்ச்சல் விட 4, 5 நாள் ஆவது வழக்கம். ஆகவே மருந்து தொடங்கி இரண்டே நாளில் காய்ச்சல் சட்டென்று விட்டால், அன்றைக்கே வெள்ளணு, தட்டணு, பி.சி.வி. மூன்றையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். டெங்குவுக்கு என்.எஸ்.1 சோதனை முதல் 5 நாளில் உதவும். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். சோதனை.

தட்டணு குறைந்தாலே டெங்குவா?

இல்லை. மலேரியாவிலும் தட்டணு நன்றாகக் குறையும். வெள்ளணு பெரும்பாலும் சரியாக இருக்கும். குளிர் நடுக்கத்தோடு வந்தால் ரத்தப் பூச்சு எடுத்துக் கிருமியை நேரில் பார்ப்பார்கள். எலிக்காய்ச்சலிலும் உண்ணிக்காய்ச்சலிலும் தட்டணு குறையும். ஆனால் வெள்ளணு குறைவதற்குப் பதில் சரியாகவோ கூடுதலாகவோ இருப்பதுண்டு. தட்டணு கீழே, வெள்ளணு மேலே என்றால் டெங்குவைத் தாண்டி யோசிக்க வேண்டும். உண்ணிக்காய்ச்சலில் அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புத் தழும்பு இருக்கலாம். தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

மெஷின் ஏமாறும் இடம்

இது எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்குப் பிடிக்கும். பல செல் கவுன்டர்கள் ரத்தத்தை ஒரு நுண்ணிய துளை வழியே விட்டு, ஒவ்வொரு அணுவும் கடக்கும்போது மின்தடையில் வரும் பல்ஸை எண்ணுகின்றன. பல்ஸ் சிறிதானால் தட்டணு, பெரிதானால் மற்ற அணு. சிலருடைய ரத்தத்தில், உறையாமல் இருக்கக் குழாயில் போடும் ஈ.டி.டி.ஏ. மருந்தாலேயே தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். கட்டியைத் தட்டணு என்று மெஷின் எண்ணாது. உடம்பில் இரண்டு லட்சம் இருக்க, சீட்டில் 30,000 என்று வரும்! ஆகவே ஆள் தெம்பாக இருந்து, தட்டணு மட்டும் அதலபாதாளத்தில் இருந்தால், மைக்ரோஸ்கோப்பில் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காய்ச்சல் ஆரம்பித்த தேதியை முதல் சீட்டின் மேலேயே எழுதிவையுங்கள். எல்லாச் சீட்டையும் ஒன்றாகப் பின் பண்ணி டாக்டரிடம் கொடுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அவை ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் அவனைத் தனியாக ஊருக்கு அனுப்பாதீர்கள்.