எடையைக் குறைப்பது உலோகமா, குழாயா?

சைக்கிள் கடையில் பழைய எஃகு பிரேமையும் புது அலுமினிய பிரேமையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எஃகுக் குழாய்கள் ஒல்லியாக இருக்கும். அலுமினியக் குழாய்கள் தடித்திருக்கும். ஆனால் தூக்கிப் பார்த்தால் தடித்ததுதான் லேசாக இருக்கும். எடை குறைந்த பிரேமுக்குப் பொருள் தேர்ந்தெடுக்கும் வித்தை இந்த முரணில்தான் இருக்கிறது.

வலிமையை அடர்த்தியால் வகுத்துப் பார்ப்பதுதான் முதல் கணக்கு. பிரேமுக்குப் பரவலாகப் பயன்படும் 4130 குரோமோலி எஃகோடு ஒப்பிட்டால், 6061-T6 என்ற அலுமினியக் கலவை அதே எடைக்குச் சுமார் ஒன்றே முக்கால் மடங்கு வலிமை தரும். டைட்டானியக் குழாய் இரண்டரை மடங்கு வரை தரும். அப்படியானால் எஃகு எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. காரணம், பிரேம் உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. மிதிக்கும்போது நெளியவும் கூடாது. அந்த விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் எஃகும் அலுமினியமும் கிட்டத்தட்ட சமம், டைட்டானியம் சற்றுக் குறைவு.

பிறகு அலுமினியத்துக்கு எங்கிருந்து லாபம் வருகிறது? பிரேமின் முன்புறமிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் டவுன் டியூபை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீளம் 60 செ.மீ. எஃகில் 28.6 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. சுவர் என்றால் எடை சுமார் 330 கிராம். அதே விட்டத்தில் அலுமினியம் போட்டுச் சுவரை 2.4 மி.மீ. ஆக்கினால் எடை ஏறக்குறைய அதேதான். விறைப்போ கொஞ்சம் குறைந்துவிடும். உலோகத்தை மாற்றியதில் ஒரு பயனும் இல்லை.

இப்போது விட்டத்தை 40 மி.மீ. ஆக்கிச் சுவரை 1.2 மி.மீ.யாக வைப்போம். எடை 240 கிராமுக்கு இறங்குகிறது. விறைப்போ எஃகுக் குழாயைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. சுவர் மெலிந்த குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதுதான் காரணம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவராக இருந்த கேரி கிளைன் 1970-களில் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவருடைய பெரிய விட்ட அலுமினியக் குழாய்கள் இன்றைய பிரேம்களுக்கு வழிகாட்டின.

எஃகையும் 40 மி.மீ. ஆக்கினால் என்ன? ஆக்கலாம். அதே 240 கிராமில் விறைப்பும் அலுமினியத்துக்கு நிகராகவே வரும். ஆனால் சுவர் வெறும் 0.4 மி.மீ. ஆகிவிடும். காலி குளிர்பான டின் போல, சுவரில் சாய்த்தாலே சொட்டை விழும். அழுத்தம் கூடினால் உள்வாங்கி மடங்கும். ஆக, அலுமினியத்தின் உண்மையான பலம் அதன் லேசான தன்மைதான்: விட்டத்தைக் கூட்டிய பிறகும் சொட்டை விழாத அளவுக்குச் சுவர்த் தடிமன் மிஞ்சுகிறது.

இனி செலவு. இதில் பொருளின் விலையைவிட அதை பிரேமாக்கும் வேலைக்குத்தான் அதிகம் போகிறது. எஃகை வெல்டிங் செய்வதும் பழுது பார்ப்பதும் எளிது. 6061 அலுமினியத்தை வெல்டிங் செய்தால் இணைப்பைச் சுற்றி வலிமை பாதிக்கும் கீழே போய்விடும்; அதை மீட்க முழு பிரேமையும் சுமார் 530 டிகிரிக்குச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 175 டிகிரி வாக்கில் பல மணி நேரம் அடுப்பில் வைக்க வேண்டும். டைட்டானியத்தில் வெல்டிங் இடத்தின் வெளிப்புறத்தோடு குழாயின் உட்புறத்துக்கும் ஆர்கான் வாயுக் காப்பு தேவை. காற்று பட்டால் இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும். வெள்ளி நிறம் இருந்தால் நல்ல இணைப்பு. நீலமோ சாம்பலோ தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. கார்பன் ஃபைபரில் இழைத் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் அச்சில் அடுக்க வேண்டியிருப்பதால் கூலி ஏறுகிறது.

அலுமினியத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு. சுமை மிகச் சிறியதாக இருந்தாலும் கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் அது ஒருநாள் விரிசல் விடும். எஃகுக்கோ ஓர் எல்லைக்குக் கீழே அந்தச் சோர்வு கிடையாது. எனவே அலுமினிய பிரேமில் வெல்டிங் ஓரங்களை அவ்வப்போது துடைத்துப் பாருங்கள். பெயின்டில் முடிபோன்ற கோடு நீண்டுகொண்டே போனால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு வகுத்தல் கணக்கு போதும்: கூடுதலாகக் கொடுக்கும் ரூபாயைக் குறையும் கிராமால் வகுங்கள். அலுமினியத்திலிருந்து கார்பனுக்கு மாற 50,000 ரூபாய் கூடுதல், எடை 500 கிராம் குறைவு என்று வைத்தால் கிராமுக்கு 100 ரூபாய். ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் குறைந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. மலையேறும் பந்தயக்காரருக்கு அது கட்டுப்படியாகும். தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்பவருக்கு அலுமினியம் போதும். சுமை ஏற்றிக் கரடுமுரடான பாதையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர் அரைக் கிலோ கூடினாலும் எஃகையே வாங்கலாம்.