படத்தில் தெரியாத தொட்டி

போன மாதம் கையால் செய்த பூந்தொட்டி ஒன்றை, படத்தைப் பார்த்து வரவழைத்தேன். நீலப் பூச்சு, வாய் 18 செ.மீ. என்று போட்டிருந்தது. நர்சரியில் வாங்கிய 17 செ.மீ. பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே உள்ளே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே போகவில்லை. 18 என்பது வெளிவாய். சுவர் ஒரு செ.மீ. தடிமன் என்பதால் உள்வாய் 16தான்.

கைத்தொட்டியை விற்பவர் முதலில் சொல்ல வேண்டியது இந்த உள்ளளவைத்தான். அதுவும் சுட்ட பிறகு அளந்ததாக இருக்க வேண்டும். காயும்போதும் சுடும்போதும் களிமண் சுருங்கும். சக்கரத்தில் 20 செ.மீ. இருந்த வாய், சூளையிலிருந்து வரும்போது 18 ஆகிவிடலாம். எத்தனை மண் பிடிக்கும் என்பதற்குக் கணக்கு வேண்டாம். ஓட்டையை அடைத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தால் போதும். என் தொட்டி 2 லிட்டர் பிடித்தது.

அடுத்து கிளேஸ். அது உள்ளே உண்டா, வெளியே மட்டுமா, எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுத வேண்டும். பூச்சில்லாத சுட்டமண் சுவர் ஈரத்தை வெளியே கசியவிடும், மண் சீக்கிரம் காயும். பூசிய சுவர் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் ஊற்றினால், பூசிய தொட்டியில் வேர் அழுகும். அடிப்பாகத்தில் மட்டும் பூச்சு இல்லாதது குறையல்ல. அங்கே பூசினால் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் பூசிய தொட்டிக்கு அடி ஓட்டை இன்னும் முக்கியம். என் தொட்டியில் ஒன்றரை செ.மீ. ஓட்டை இருந்தது, அளவும் சரிதான். ஆனால் அடி முழுத் தட்டை. தரையில் வைத்ததும் ஓட்டை மூடிக்கொண்டது, தண்ணீர் தேங்கியது. இரண்டு ஓட்டுத் துண்டுகளை அண்டை கொடுத்த பிறகே வடிந்தது. அடிவளையத்தில் வெட்டு உண்டா என்பதை ஓட்டையின் அளவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டையே இல்லாத தொட்டியை வாங்கி வீட்டில் துளைத்தால் விரிசல் விடலாம். பாதி காய்ந்த பதத்தில் குயவர் போடும் ஓட்டைதான் ஓட்டை.

வழியில் அடிபடும் இடங்கள் இரண்டு: விளிம்பு, அடிவளையம். என் தொட்டியின் விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. பழைய குறையா, வழியில் பட்ட அடியா? விரலால் தடவினால் தெரியும். சூளைக்கு முன்பே பெயர்ந்திருந்தால் குழியின் மேலும் பூச்சு ஓடி, ஓரம் மழுங்கியிருக்கும். என் விரலில் ஓரம் சுருக்கென்று குத்தியது. உள்ளே பச்சையாக மண் தெரிந்தது. அது வழியில் பட்டதேதான்.

விளிம்புச் சில்லால் செடிக்கு ஒன்றும் ஆகாது. விரிசல் அப்படியல்ல. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் டொக்கென்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். பார்சலைப் பிரித்தவுடனே, மண் போடுவதற்கு முன்பு தட்டிப் பார்த்துவிடுங்கள். மண் நிரம்பிய தொட்டி எப்படியும் டொக்கென்றுதான் கேட்கும்.