விதையுருளைக்கிழங்கு வாங்குகையில் விலை குறைக்கக் கேட்கும் முறை

வலிகாமத்துச் செம்மண் நிலங்களில் உருளைக்கிழங்கு பயிரிடும் கமக்காரருக்கு எல்லாச் செலவிலும் பெருஞ்செலவு விதைக்கிழங்கேயாகும். வழக்கமாக வாங்கும் வியாபாரி ஒரு விலை கூற, வேறொருவர் அதற்குக் குறைந்த விலையை எழுதிக் கொடுத்தால் என்ன செய்வது? நாணயமான பழைய வியாபாரியைக் கைவிடவும் மனம் வராது. கூடிய விலையைக் கொடுக்கவும் மனம் வராது. அந்தக் குறைந்த விலைக்கே தரும்படி பழையவரைக் கேட்பதே வழி. அதைக் கேட்கும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இங்கு காட்டப்படும் விலைகள் கணக்கிற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலை காலத்துக்குக் காலம் மாறும்.

ஒரு கமக்காரர் அமைப்பில் 22 பேர் சேர்ந்து 96 பரப்பில், அதாவது 6 ஏக்கரில், பயிரிடக் கருதுகின்றனர் என்று கொள்வோம். வரிசைக்கு வரிசை 60 சென்ரிமீற்றரும் கிழங்குக்குக் கிழங்கு 25 சென்ரிமீற்றரும் விட்டு நட்டால், ஏக்கரொன்றுக்கு ஏறக்குறைய 27,000 கிழங்குகள் வேண்டும். கிழங்கொன்றின் சராசரி நிறை 40 கிராம் எனின், அது 1,080 கிலோகிராமாகும். ஆறு ஏக்கருக்கும் 50 கிலோகிராம் மூடைகளாக 130 மூடை தேவை. பழைய வியாபாரி கிலோகிராம் 500 ரூபா வீதம் அமைப்பின் களஞ்சியத்தில் இறக்கித் தருவதாகக் கூறியுள்ளார். வேறு இருவரிடமும் விலை கேட்கப்பட்டது. ஒருவர் 460 ரூபா என்றார். மற்றவர் 470 ரூபா என்றார்.

இவ்விடத்தில் அவசரப்படலாகாது. 460 ரூபாவுக்குக் கிடைப்பது சராசரி 50 கிராம் நிறையுள்ள பெரிய கிழங்கு. விதைக்கிழங்கை நாம் நிறையில் வாங்கினாலும் எண்ணிக்கையில் நடுகிறோம். அக்கிழங்கில் ஏக்கருக்கு 1,350 கிலோகிராம் வேண்டும். செலவு 621,000 ரூபா. பழைய வியாபாரியின் கிழங்கிலோ 540,000 ரூபாதான். பெரிய கிழங்கை வெட்டி நடலாமே என்பார் சிலர். வெட்டுவாய் வழியே அழுகல் புகும். வெட்டும் கத்தி வாடல் நோயை ஒரு கிழங்கிலிருந்து மறு கிழங்குக்குப் பரப்பும். ஆகவே குறைந்த விலைபோலத் தோன்றும் இக்கூறுவிலையை ஒதுக்கிவிட வேண்டும். இதை எடுத்துக்காட்டி விலை குறைக்கக் கேட்டால், தொழில் தெரிந்த வியாபாரி ஒரே வினாவில் நம் வாயை அடைத்துவிடுவார்.

470 ரூபா என்றவரின் கிழங்கு அதே இனம், அதே விதை வகுப்பு, அதே 40 கிராம் அளவு. ஆனால் அது அவருடைய களஞ்சியத்திலிருந்து நாமே ஏற்றிவர வேண்டியது. லொறிக் கூலியும் ஏற்றிறக்கும் கூலியும் 65,000 ரூபா எனின், கிலோகிராமுக்கு 10 ரூபா கூடும். ஆதலின் உண்மையான விலை 480 ரூபாவே. பழையவரிடம் கேட்க வேண்டியதும் 480 தான், 470 அன்று. இந்தப் பத்து ரூபாவை மறைத்துக் கேட்பது நேர்மையுமன்று, பயனுமன்று. 20 ரூபா வேறுபாடு 130 மூடைக்கு 130,000 ரூபாவாகும்.

இனி, குறைந்த விலை கூறியவர் யார் என்பதைச் சொல்லலாமா? சொல்லவே கூடாது. அவர் நம்மை நம்பித் தந்த விலை அது. பெயர் வெளிப்பட்டால் பேச்சு விலையை விட்டு, அந்த மனிதரின் குற்றங்குறைகளைப் பற்றியதாகிவிடும். ஒரே பட்டினத்தில் தொழில் செய்யும் வியாபாரிகள் ஒருவரையொருவர் அறிவர். ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தக் கூறுவிலை திரும்பப் பெறப்படவுங் கூடும். அவர் எழுதித் தந்த தாளைக் காட்டுவதும், கடை இருக்கும் சந்தியைக் குறிப்பிடுவதும் பெயரைச் சொல்வதற்கு ஒப்பே. பெயருக்குப் பதிலாக இனம், வகுப்பு, அளவு, ஒப்படைக்கும் இடம், அவ்விலை எத்திகதி வரை செல்லும் என்பவற்றைத் தெளிவாகக் கூறினால், அது மெய்யான கூறுவிலையா என்பதை வியாபாரி தாமே உய்த்துணர்வார். இல்லாத விலையை இருப்பதாகச் சொல்வாரும் உளர். “அப்படியானால் அங்கேயே வாங்குங்கள்” என்று வியாபாரி சொல்லிவிட்டால், அவர்கள் நிலை இரங்கத்தக்கது.

கொள்வனவின் அளவையும் விளக்க வேண்டும். வெறுமனே “நிறைய வாங்குவோம்” என்பதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்தவர் வியாபாரி. 22 பேரிடமும் முற்பணம் பெற்று, பெயருக்கு நேரே மூடைக் கணக்கு எழுதியபின், உறுதியான தொகையை மட்டும் கூறுக. 130 மூடையும் ஒரே நாளில், ஓரிடத்தில், ஒரே பற்றுச்சீட்டில், கடனின்றி எடுக்கப்படும் என்பதுவே அவருக்குப் பெறுமதி. 22 பேருக்குத் தனித்தனியே விற்பதில் ஏற்படும் கூலியும் கடன் நிலுவையும் அவருக்கு மிச்சமாகும். அந்த மிச்சத்திலிருந்தே 20 ரூபாவைக் குறைக்கும்படி கேட்கிறோம்.

செயலாளர் இவ்வாறு எழுதலாம்:

“அன்புடையீர், தாங்கள் கிலோகிராம் 500 ரூபாவாகக் கூறிய விதையுருளைக்கிழங்கின் அதே இனமும் வகுப்பும் அளவும் உடைய கிழங்கு, எமது களஞ்சியத்துக்கு வந்து சேரும் செலவு உட்பட 480 ரூபாவுக்கு எமக்கு எழுத்தில் கூறப்பட்டுள்ளது. அது இம்மாதம் 20ஆந் திகதி வரை செல்லும். எமது தேவை 130 மூடை. அங்கத்தவரின் முற்பணம் பெறப்பட்டுள்ளது. தங்களிடமே தொடர்ந்து வாங்க விரும்புகிறோம். தாங்கள் 480 ரூபாவுக்கு இறக்கித் தர இணங்கினால், 130 மூடையையும் தங்களிடமே எடுத்து, இறக்கிய அன்றே முழுப் பணத்தையும் செலுத்துவோம். 17ஆந் திகதிக்கு முன் தங்கள் விடையை எதிர்பார்க்கிறோம்.”

விடைக்கான நாளை மற்றைய கூறுவிலை முடியும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக வைத்திருப்பதைக் கவனிக்க. இணங்காவிடின் அங்கே வாங்குவதற்கு அந்த மூன்று நாளும் வேண்டும். கடிதத்தை அனுப்பும் காலமும் முக்கியம். மழை தணிந்து கார்த்திகை, மார்கழியில் நடுவதற்கு ஆயத்தமாகும் வேளையில் கேட்டால், முளை கண்ட கிழங்குக்காகக் காத்திருப்பவர் நாமே என்பது அவருக்குத் தெரியும். அவர் தமது கொள்வனவைத் தீர்மானிக்குமுன் கேட்பதே தக்கது.

கடிதம் கண்டு வியாபாரி, “யார் தம்பி அந்த விலை சொன்னது?” என்று வினவுவார். “மன்னிக்க வேண்டும் ஐயா, தாங்கள் சொன்ன விலையையும் அவரிடம் நாங்கள் சொல்லவில்லை” என்பது போதிய விடை. அதற்குமேல் அவர் வற்புறுத்துதல் அரிது.

அவர் 490 ரூபாவுக்கு இறங்கி, அழுகிய கிழங்கை ஒரு வாரத்துள் மாற்றித் தருவதாக எழுதித் தரலாம். மற்றவரிடம் அவ்வுறுதி இல்லையெனின், 10 ரூபா வேறுபாட்டின் மொத்தமான 65,000 ரூபாவுடன் அதை ஒப்பிட்டு அங்கத்தவர் தீர்மானிக்கட்டும். 130 மூடையில் மூன்று மூடை பழுதாவதன் இழப்பே ஏறக்குறைய அத்தொகையாகும்.

480க்கு இணங்கிவிட்டால், குறைத்த விலையைக் கிழங்கின் அளவில் ஈடுசெய்துள்ளாரோ என்று இறக்கும் அன்றே பார்க்க வேண்டும். ஐந்தாறு மூடைகளை அவிழ்த்து, தெரிந்தெடாமல் 100 கிழங்குகளை எடுத்து நிறுக்க. அவை 4 கிலோகிராம் அளவில் இருத்தல் வேண்டும். 5 கிலோகிராம் இருந்தால், 130 மூடையிலும் 130,000 கிழங்குகளே இருக்கும், வேண்டியதோ 162,000. ஓர் ஏக்கருக்கு மேல் நடக் கிழங்கில்லாமற் போகும். பணம் கொடுக்குமுன், லொறி நிற்கும்போதே நிறுத்துப் பார்க்க.