இறுகிப்போன நெயில் பாலிஷ் மூடி

நெயில் பாலிஷ் பாட்டிலின் மூடி திறக்காமல் அடம்பிடிக்கும்போது, இறுக மூடிவிட்டோம் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காரணமில்லை. பூசும்போது பிரஷ்ஷை பாட்டிலின் விளிம்பில் வழிக்கிறோம். அந்தப் பாலிஷ் வழிந்து கழுத்தின் மரையில் படிகிறது. அதிலுள்ள எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்கள் ஆவியாகிவிட, நைட்ரோசெல்லுலோஸ் படலம் காய்ந்து மூடியைக் கண்ணாடியோடு ஒட்டிவிடுகிறது. நகத்தில் நிற்கிற அதே படலம்தான்.

சில மாதம் திறக்காமல் வைத்த ஒரு சிவப்பு பாட்டிலை எடுத்துக்கொள்வோம். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் அளவு சூடான நீர் ஊற்றி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, மூடியும் கழுத்தும் மட்டும் மூழ்கும்படி இரண்டு மூன்று நிமிடம் வைத்திருங்கள். நீர் பாலிஷைக் கரைக்காது. ஆனால் சூட்டில் காய்ந்த படலம் இளகும். கண்ணாடியைவிடப் பிளாஸ்டிக் பல மடங்கு அதிகமாக விரியும் என்பதால் மூடியின் பிடியும் சற்றுத் தளரும்.

கொதிநீர் வேண்டவே வேண்டாம். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடலாம். எத்தில் அசிடேட் 77 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்தில் இந்த வேலை கூடாது.

வெளியே எடுத்ததும் ஈரத்தைத் துடையுங்கள். ஈரமிருந்தால் ரப்பரும் வழுக்கும். மூடியைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்டை இரண்டு மூன்று சுற்றாகப் போடுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையோ பழைய சைக்கிள் டியூப் துண்டோ இருந்தாலும் சரி. மூடி சிறியது, வழுவழுப்பானது. விரல் வழுக்குவதால்தான் நம் பலம் மூடிக்குப் போய்ச் சேராமல் வீணாகிறது. பாட்டிலை நிமிர்த்தி, முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, சூடு ஆறுவதற்குள் இடப்பக்கமாக ஒரே சீராகத் திருகுங்கள். வெடுக்கென்று முறுக்கினால் கழுத்து உடைந்து கையைக் கிழிக்கும்.

மூடி சுற்றுகிறது, ஆனால் மேலே எழும்பவில்லை என்றால் அலங்கார மேலுறை மட்டும் சுழல்கிறது என்று அர்த்தம். பல பாட்டில்களில் மூடி இரண்டு அடுக்காக இருக்கும். மேலுறையை நேராக இழுத்து எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் சிறு மூடியில் ரப்பரைச் சுற்றுங்கள்.

இரண்டு முறை செய்தும் அசையவில்லையா? மூடியும் கழுத்தும் சேரும் இடுக்கில் இரண்டு சொட்டு ரிமூவர் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருகிப் பாருங்கள். ரிமூவர் மூடியின் மினுமினுப்பைக் கெடுக்கலாம் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

திறந்த பிறகு அப்படியே மூடிவிடாதீர்கள். பஞ்சில் ரிமூவர் தொட்டு, மரையில் ஒட்டிய பழைய படலத்தை முழுவதும் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். அதைச் செய்யாவிட்டால் மூடி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.