நோன்பு நாளில் ஒரு காலை வணக்கம்

ரமலான் மாதத்தில் நோன்பு வைத்திருக்கும் சக ஊழியர் அலுவலகத்துக்கு வந்து சேரும்போதே அவருடைய நாளில் பாதி கடந்ததுபோல் இருக்கும். சென்னையில் மார்ச் மாத ரமலான் என்றால், அதிகாலை 5 மணியை ஒட்டி சஹர் நேரம் முடிந்துவிடும். அதற்குள் எழுந்து, சமைத்துச் சாப்பிட்டாக வேண்டும். பிறகு மாலை ஆறே கால் வாக்கில் மஃரிப் பாங்கு ஒலிக்கும்வரை சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

"தண்ணிகூடக் குடிக்கக் கூடாதா? பாவம் சார் நீங்க!" என்று கேட்பவர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் அதே கேள்விக்கு அன்று அவர் ஐந்தாறு பேருக்குப் பதில் சொல்லியிருப்பார். விரும்பி ஏற்ற வணக்கத்தைப் பார்த்துப் பரிதாபப்படுவதும் பொருந்தாது. முதல் நாள் "ரமலான் வாழ்த்துகள்" என்று ஒருமுறை சொல்லுங்கள். மறுநாளிலிருந்து எப்போதும் சொல்லும் வணக்கமே போதும். அதன்பின் நேரே வேலைப் பேச்சுக்கு வந்துவிடலாம்.

சங்கடம் பெரும்பாலும் 11 மணி டீயில்தான் வரும். பழக்கத்தில் அவரிடமும் ஒரு கோப்பையை நீட்டிவிடுவீர்கள். அவர் "நோன்பு" என்பார். "சரிங்க" என்று எடுத்துக்கொண்டு நகருங்கள். "ஐயோ, மறந்தே போச்சே, மன்னிச்சிடுங்க" என்று நீட்டிக்கொண்டே போனால், வறண்ட தொண்டையோடு அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். "ஒரே ஒரு வாய்" என்று வற்புறுத்துவது மட்டும் கூடவே கூடாது. அதற்காக உங்கள் டீயை ஒளித்துவைத்துக் குடிக்கவும் வேண்டாம். தன்னால் எல்லோருக்கும் இடைஞ்சல் என்று அவரை நினைக்கவைப்பது அந்த ஒளிவுமறைவுதான்.

இன்னொன்றில் கூடுதல் கவனம் வேண்டும். நோன்பு மாதத்தில் ஒருவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால், "இன்னிக்கு நோன்பு இல்லையா?" என்று கேட்காதீர்கள். நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் நோன்பை விட்டுப் பிறகு நிறைவேற்றச் சலுகை உண்டு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தேவைப்பட்டால் விட்டுவிடலாம். மாதவிடாய் நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. விட்ட நாட்களைப் பின்னால் வைப்பார்கள். நீங்கள் சாதாரணமாகக் கேட்ட அந்தக் கேள்வி, ஒரு பெண்ணை அலுவலகத்தின் நடுவே தன் உடல்நிலையைச் சொல்லவோ பொய் சொல்லவோ தள்ளிவிடும். விவரம் தெரிந்தவர்கள்கூட இதைக் கேட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

அவருக்கு உண்மையில் உதவ நினைத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். நோன்பு திறக்கும் நேரத்தை அவர்கள் தள்ளிப்போடுவதில்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும், பிறகு நோன்புக் கஞ்சி. வீட்டுக்கோ பள்ளிவாசலுக்கோ அதற்குள் போய்ச் சேர வேண்டும். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். மாலை 6 மணிக்கு எந்தக் கூட்டத்தையும் வைக்காதீர்கள்.