ஒற்றைக் காதுக்கு ஜோடி தேடி

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில், கிண்டியில் இறங்கும் நெரிசலில் அக்கா மகனின் வலது காது ஏர்பாட் போய்விட்டது. தண்டவாளத்தில் விழுந்ததா, யாருடைய பையின் மடிப்பிலாவது சிக்கிப் போனதா, தெரியவில்லை. ஐபோனில் Find My திறந்து பார்த்தான். கிண்டி ஸ்டேஷனிலேயே கடைசியாக இருந்ததாகக் காட்டியது. அந்தப் புள்ளி, ஏர்பாட் அந்த போனோடு கடைசியாகத் தொடர்பில் இருந்த இடம். இப்போது கிடக்கும் இடம் அல்ல. ஒலி எழுப்பிப் பார்க்கவும் ப்ளூடூத் எல்லைக்குள் இருக்க வேண்டும்.

மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போனான். "ரைட் சைடு மட்டும், செகண்ட் ஹேண்ட், ஆயிரத்து இருநூறு" என்றார் கடைக்காரர். வாங்கி வந்து கேஸில் போட்டான். கேஸ் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் விட்டு விட்டு எரிந்தது. பின்புறப் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அதே ஆரஞ்சு. "மாமா, இது சேர மாட்டேங்குது" என்று என்னிடம் கொண்டு வந்தான்.

ஏன் சேரவில்லை என்று புரிய, இந்த இரண்டு துண்டுகளும் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பொருளின் இரண்டு பாதி. உள்ளே பார்த்தால் இரண்டு தனித்தனி ப்ளூடூத் கருவிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி உண்டு, சொந்த சிப், சொந்த பேட்டரி, சொந்த மென்பொருள் உண்டு. போன் பெரும்பாலும் இரண்டில் ஒன்றோடுதான் பேசுகிறது. மற்றது அதனோடு ஒட்டிக்கொண்டு பாட்டைப் பெறுகிறது. இதற்காக ஒவ்வொன்றும் தன் ஜோடியின் முகவரியை நினைவில் எழுதி வைத்திருக்கிறது. புது வலது வந்தாலும் பழைய இடது, தொலைந்துபோனதைத்தான் தேடிக்கொண்டிருக்கும். இந்த நினைவை அழித்து இரண்டையும் மறுபடி அறிமுகம் செய்து வைப்பதுதான் பேர் செய்வது. அதற்கு இரண்டு துண்டும் ஒரே தலைமுறையாக இருக்க வேண்டும். மென்பொருளும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அவன் கையில் இருந்ததில் முதல் நிபந்தனையே தவறியிருந்தது.

அவனுடையது இரண்டாம் தலைமுறை ஏர்பாட்ஸ். ஆப்பிள் 2016 டிசம்பரில் விற்கத் தொடங்கிய முதல் தலைமுறையும், 2019 மார்ச்சில் வந்த இரண்டாவதும் தோற்றத்தில் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். அதே வெள்ளை, அதே தண்டு, கேஸின் அதே குழியில் கச்சிதமாக உட்காரும். உள்ளே சிப் மட்டும் வேறு. முதலாவதில் டபிள்யூ1, இரண்டாவதில் எச்1. இவை இரண்டும் ஒன்றோடொன்று ஜோடி சேராது. ரீசெட் செய்தாலும், அப்டேட் செய்தாலும், எத்தனை நாள் சார்ஜரில் கிடந்தாலும் சேராது.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வழி, ஏர்பாடின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படிப்பது. எனக்கு நாற்பது தாண்டிய கண். வெறும் கண்ணால் முடியாது. போன் கேமராவில் பெரிதாக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. முதல் தலைமுறையில் A1523, A1722 என்ற எண்கள் இருக்கும். இரண்டாம் தலைமுறையில் A2031, A2032. அவனுடைய பழைய இடதில் A2 என்று தொடங்கியது. கடையில் வாங்கியதில் A1.

"கேஸ்ல A1602-னு போட்டிருக்கே, அதைப் பார்த்துத்தானே மாமா வாங்கினேன்" என்றான். எல்லோரும் சறுக்கும் இடம் அதுதான். A1602 என்ற சாதாரண கேஸ் இரண்டு தலைமுறைக்கும் பொது. 2019-ல் தனியாகவும் விற்ற A1938 என்ற வயர்லெஸ் சார்ஜிங் கேஸும் அப்படியே. ஆகவே கேஸைப் பார்த்து ஏர்பாடின் தலைமுறையைத் தீர்மானிக்கவே முடியாது. கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா என்று சொல்லத் தெரியாது. கண்ணாடித் தட்டில் நூறு வலது காதுகளைக் குவித்து வைத்திருப்பவருக்கும் அதே பொடி எழுத்துதான்.

அவர் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை எண்ணைப் பார்த்தே வாங்கினான். கேஸில் போட்டான். மறுபடியும் ஆரஞ்சு!

இப்போது பிரச்சினை மென்பொருள். ஏர்பாடுக்குள் இருக்கும் மென்பொருளைத் தனியாக அப்டேட் செய்ய பொத்தான் எதுவும் கிடையாது. கேஸில் சார்ஜ் ஆகும்போது, பக்கத்தில் ஐபோன் இருந்தால், தானாகவே ஏறிக்கொள்ளும். பல மாதம் கடைத் தட்டில் கிடந்த துண்டில் பழைய பதிப்பு இருக்கும். தினமும் காதில் இருந்ததில் புதியது இருக்கும். இரண்டு பதிப்பும் ஒன்றாகும்வரை ஜோடி சேராது. செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் Settings, Bluetooth போய் பழைய ஏர்பாட்ஸ் பெயருக்குப் பக்கத்தில் உள்ள i-ஐத் தொட்டு Forget This Device கொடுக்க வேண்டும். இரண்டு ஏர்பாடையும் கேஸில் போட்டு, கேஸைச் சார்ஜரில் செருகி, மூடியை மூடி, ஐபோனைப் பக்கத்திலேயே வைத்து, குறைந்தது இருபது நிமிடம் தொடாமல் விட வேண்டும். நடுவில் 'சேர்ந்துச்சா' என்று மூடியைத் திறந்து பார்ப்பதுதான் இதைக் கெடுக்கும் ஒரே வேலை. அவன் மூன்று முறை திறந்தான். நான் கேஸைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்தேன்.

பிறகு மூடியைத் திறந்து, பின்புறப் பொத்தானை விளக்கு வெள்ளையாக மினுக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பதினைந்து விநாடி வரை ஆகலாம். விளக்கு சாதாரண கேஸில் இரண்டு ஏர்பாடுக்கும் நடுவே உள்ளே இருக்கும். வயர்லெஸ் கேஸில் முன்பக்கம் இருக்கும். வெள்ளை மினுக்கினால், இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டுவிட்டன, போனுக்குக் காத்திருக்கின்றன என்று அர்த்தம். விட்டு விட்டு எரியும் ஆரஞ்சு என்றால் இன்னும் சேரவில்லை. மினுக்காமல் நிலையாக எரியும் ஆரஞ்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது சார்ஜ் முழுதாக இல்லை என்பதற்கு. இந்த இரண்டு ஆரஞ்சையும் குழப்பிக்கொண்டு, சேராததைச் சார்ஜ் போட்டுக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரைமணி நேரத்தில் வெள்ளை மினுக்கியது. போனைக் கிட்டே கொண்டுபோனதும் ஜோடியாக வந்தது.

ஆனாலும் இரண்டு காதும் ஒரே மாதிரி இல்லை. இடதில் சத்தம் சற்று மந்தம். புதுசு நல்லது, பழசு கெட்டுவிட்டது என்று அவன் தீர்ப்பு எழுதிவிட்டான். பழையதன் வலையை உலர்ந்த மென்மையான டூத் பிரஷ்ஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் துடைத்தேன். இரண்டு வருடத்துக் காது அழுக்கு. சத்தம் வந்துவிட்டது. துடைத்துச் சரிசெய்ய முடியாதது பேட்டரி. புதிதில் ஐந்து மணி நேரம் பாடும் என்று சொல்லப்பட்ட துண்டு, இரண்டு மூன்று வருடத்தில் பாதியாகச் சுருங்கியிருக்கும். புதியதும் பழையதும் ஒன்றாகத் தொடங்கினாலும் பழையது முதலில் நின்றுபோகும். கடையில் வாங்கியதும் செகண்ட் ஹேண்ட் என்றால் அதன் வயசு யாருக்குத் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க, முழுச் சார்ஜ் போட்டு, இரண்டையும் காதில் மாட்டிப் பாட்டு ஓடவிட்டு, எது எப்போது நிற்கிறது என்று ஒரு முறை நேரம் குறித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனை அலைச்சல் வேண்டாம் என்றால் ஆப்பிளிடமே ஒற்றை ஏர்பாடோ வெறும் கேஸோ கட்டணத்துக்கு வாங்கலாம். சீரியல் எண்ணைக் கேட்பார்கள், தலைமுறை தவறாது. ஆப்பிள்கேர் பிளஸ் எடுத்திருந்தாலும் தொலைந்ததற்கு அது செல்லாது, உடைந்ததற்குத்தான். விலைதான் யோசிக்க வைக்கும். இரண்டாம் தலைமுறை ஜோடி அமெரிக்காவில் 129 டாலருக்கு விற்ற நாளில், ஒற்றைத் துண்டுக்கு மட்டும் 69 டாலர். அந்தத் தலைமுறையை ஆப்பிள் 2024 செப்டம்பரில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. பேட்டரி வயசான ஜோடிக்கு அந்தப் பணம் போடுவேனா என்று என்னைக் கேட்டால், மாட்டேன். வாங்கி ஆறு மாதத்துக்குள் தொலைத்தவர் என்றால் போடலாம். புரோ போன்ற பிந்தைய மாடல்களில் செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அவை பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அவர் தன் போனிலிருந்து நீக்காத வரை உங்களுக்குத் தொல்லைதான்.

கேஸ் தொலைந்தவர்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம். கேஸ் பாட்டை அனுப்புவதில்லை. அது பேட்டரியும் பொத்தானும் விளக்கும் கொண்ட டப்பா. மேலே சொன்னபடி முதல் இரண்டு தலைமுறைக்கு எந்தக் கேஸும் ஆகும். புரோவின் கேஸ் ஆகாது, குழியே வேறு. புதுக் கேஸில் போட்டு ஒரு முறை ரீசெட் செய்தால் போதும். அதுவரை காதில் இருக்கும் சார்ஜ்தான் மிச்சம். அந்தப் பொத்தானும் கேஸில்தான் இருப்பதால், கேஸ் இல்லாமல் ரீசெட்டும் முடியாது. விலை குறைந்த நகல் கேஸ்கள் சார்ஜ் மட்டும் போடும், பொத்தான் வேலை செய்யாது என்ற ரகம் உண்டு. கடையிலேயே பொத்தானை அழுத்தி விளக்கு மாறுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆயிரம் ரூபாய் இயர்பட்ஸ் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் ஜோடி சேர்க்கும் வேலை துண்டுகளிடமே இருக்கும். போனிலிருந்து பழைய பெயரை நீக்கி, இரண்டையும் வெளியே எடுத்து, கூட வந்த சீட்டில் சொல்லியபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சேர்ந்ததற்கு அடையாளம், போனில் ஒரே ஒரு பெயர் வருவது. அதே பெயர் இரண்டு முறை வந்தாலோ, ஒன்றில் L, இன்னொன்றில் R என்று ஒட்டிக்கொண்டு வந்தாலோ, இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. மறுபடி செய்துபார்த்தும் அப்படியே இருந்தால், அதே பெயர், அதே டப்பா, அதே நிறமாக இருந்தாலும் பிந்தைய லாட்டில் உள்ளே சிப் மாறியிருக்கலாம். அதற்கு மருந்தில்லை. ஆகவே பழைய துண்டையும் கேஸையும் முழுச் சார்ஜோடு கையில் எடுத்துப் போய், கடையிலேயே சேர்த்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து அக்கா போன் செய்தாள். துவைக்கப் போட்ட ஆபீஸ் பையின் உள் தையலுக்குள் அந்தப் பழைய வலது காது கிடைத்துவிட்டதாம். பையன் ஆசையாக அதைக் கேஸில் போட்டிருக்கிறான். ஆரஞ்சு. இடதுக்கு இப்போது கடையில் வாங்கியதுதான் ஜோடி. மூன்று வாரத்துக்கு முந்தையதை அது மறந்துவிட்டது. "மாமா, எதை வச்சுக்கட்டும், எதை விக்கட்டும்?" என்றான். எது அதிக நேரம் பாடுகிறது என்று பார்த்துச் சொல்லு என்றேன். விற்பதாக இருந்தால் அடியில் இருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.